மழைக்கால விற்பனை: நாட்காட்டியை நம்புவதா, வானிலை அறிக்கையை நம்புவதா?

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள். சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் கரும்புக் கட்டுகளும் மண்பானைகளும் மஞ்சள் கொத்துகளும் வந்து இறங்கியிருந்தன. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. அந்த இரண்டே நாளில் சாங்கி வானிலை நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டியது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு பக்கத் தெருவில் என் அத்தான் பை, குடை, மழைக்கோட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். கணக்கும் விளம்பரமும் என் பொறுப்பு. அந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் சரக்கு இருந்தது, விளம்பரத்துக்குக் காசு இல்லை. நவம்பர் நடுவில் தொடங்கிய மழைக்கால விளம்பரத் தொகையின் கடைசி வெள்ளியை டிசம்பர் 31ஆம் தேதியோடு செலவழித்து முடித்திருந்தோம். புள்ளிவிவரப்படி டிசம்பர்தான் மழை அதிகமுள்ள மாதம் என்று நான்தான் அப்படித் திட்டம் போட்டேன். மழை கூடுதலாகப் பெய்யும் மாதமும் குடை கூடுதலாக விற்கும் மாதமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணியது என் பிழை.

அதன்பிறகு நாங்கள் எங்கள் முன் இருந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தோம். முதல் வழி, நாட்காட்டிப்படி விளம்பரம். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நாள்தோறும் ஒரே தொகை. இரண்டாவது, முன்னறிவிப்புப்படி விளம்பரம். பெருமழை வருகிறது என்று தெரிந்த நாள்களில் மட்டும் செலவு. மூன்றாவது, விளம்பரமே இல்லாமல் மழை இறங்கும் நேரத்தில் கடைவாசலை மாற்றியமைப்பது. இணையச் சந்தைகளின் 12.12 தள்ளுபடி நாளில் சேர்வது என்ற நான்காவது வழியும் இருக்கிறது. அதை விரைவாகவே தள்ளிவிட்டோம். அங்கே வெளிநாட்டு விற்பனையாளரோடு விலையில் போட்டியிட வேண்டும். இன்று நனைந்தவர் கேட்கும் குடை இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து சேரும். அதற்குள் வெயில் வந்துவிடும்.

குடை வேறு, மழைக்கோட்டு வேறு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் அதுவரை குடையையும் மழைக்கோட்டையும் ஒரே விளம்பரத்தில், ஒரே படத்தில் போட்டு வந்தோம். வாங்குகிறவர்களோ வேறு வேறு ஆட்கள். வாங்கும் நேரமும் வேறு.

கடையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். தேதி, மழை பிடித்த நேரம், விட்ட நேரம், விற்ற குடை, விற்ற மழைக்கோட்டு என்று ஐந்து கட்டங்கள். ஒரு பருவம் முழுவதும் எழுதிய பிறகு அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. குடை விற்பனை மழை பிடித்த முதல் இருபது நிமிடத்தில்தான் நடக்கிறது. அதற்குள் வாங்காதவர் ஏதாவது ஒரு கூரைக்குள் போயிருப்பார், அல்லது மழை விடும்வரை காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் குடை கேட்டு வருபவர் மிகக் குறைவு.

மழைக்கோட்டு அப்படி இல்லை. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ ஓட்டிப் பிழைப்பவர். நனைந்துகொண்டிருக்கும்போது அவர் கடைக்கு வருவதில்லை, மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறார். மறுநாள் வேலைக்குப் போகும் முன்போ, வேலை முடிந்த இரவிலோ வருகிறார். ஒரு நாள் உணவு விநியோகம் செய்யும் இளைஞர் ஒருவர் வந்து, "அண்ணே, ஒரே துண்டாகப் போர்த்திக்கொள்வது வேண்டாம், சக்கரத்தில் சிக்குகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் கொடுங்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தொங்கும் துணி சைக்கிள் சக்கரத்திலும் சங்கிலியிலும் மாட்டினால் விழுவதைத் தவிர வழியில்லை. அவர் தைத்த இடங்களை உட்புறமாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார். தையலின் மேல் பட்டை ஒட்டியிருந்தால்தான் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்காது. அப்படித் தடவிப் பார்ப்பவர் தீர்மானித்துவிட்டு வாங்குபவர். அவரிடம் முன்கூட்டியே செய்தி சேர்ந்தால் பயன் உண்டு. குடை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் குடையின் தேவையைக் கூரை குறைத்திருக்கிறது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் பள்ளி, சந்தை, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரையுள்ள நடைபாதை அமைக்கும் திட்டத்தில் நிலப் போக்குவரத்து ஆணையம் 200 கிலோமீட்டருக்கு மேல் கட்டியிருக்கிறது. அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை ஒரு சொட்டு படாமல் நடக்கும் குடியிருப்பாளர்கள் ஏராளம். ஆகவே "மழை வருகிறது, குடை வாங்குங்கள்" என்று தீவு முழுக்கச் சொல்வதில் பொருளில்லை. கூரை விட்டுப்போன இடத்தில்தான் குடை விற்கும். எங்கள் வட்டாரத்தில் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை நிழல் தருகிறது. ஆனால் ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போகத் தெருவைக் கடக்க வேண்டும். அந்தக் கடவையில்தான் எங்கள் வாடிக்கையாளர் நிற்கிறார்.

நாட்காட்டி வழி

இதன் பெருமை எளிமை. ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டால் மூன்று மாதம் கவலையில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் தொடக்கம்வரை இருக்கும். அதில் டிசம்பரும் ஜனவரியும் ஈரமான பகுதி, பிப்ரவரி வறண்ட பகுதி. நீண்டகாலச் சராசரியில் டிசம்பருக்கு 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. பிப்ரவரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

ஆனால் இந்தச் சராசரிக்குள் இரண்டு பொறிகள் இருக்கின்றன. வானிலைக் கணக்கில் ஒரு நாளில் 0.2 மில்லிமீட்டர் பெய்தாலே அது மழைநாள். அந்த அளவுக்கு யாரும் குடையை விரிக்கக்கூட மாட்டார்கள். நள்ளிரவில் கொட்டி விடியற்காலையில் ஓய்ந்த மழையும் அதே கணக்கில்தான் சேரும். வானிலை நிலையத்துக்கு அது மழைநாள், எங்களுக்கு அது சாதாரண நாள். மாதத்துக்குப் பத்தொன்பது மழைநாள் என்று படித்துவிட்டுப் பத்தொன்பது நாள் விற்பனை என்று நான் எண்ணியது இப்படித்தான் தவறிப்போனது.

இரண்டாவது பொறி பள்ளி விடுமுறை. நவம்பர் மூன்றாம் வாரவாக்கில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடுகின்றன. மழை மிகுந்த மாதத்தில்தான் பிள்ளைகளுக்கான சிறு குடையும் மழைக்கோட்டும் தேவைப்படுவது குறைவு. ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறக்கும்போது அந்தத் தேவை ஒரேயடியாக எழுகிறது. எங்கள் விளம்பரமோ அதற்கு இரண்டு நாள் முன்பு முடிந்திருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 1,500 வெள்ளி. நவம்பர் 15 முதல் ஜனவரி 30 வரை 77 நாள்கள் என்று நீட்டினாலும் நாளுக்கு ஏறத்தாழ 19 வெள்ளி 50 காசு. ஒரு குடையில் எங்களுக்கு மிஞ்சுவது 5 வெள்ளி. எனவே விளம்பரம் இல்லாவிட்டால் விற்றிருக்காத குடைகளில் குறைந்தது நான்கு நாள்தோறும் விற்றால்தான் போட்ட காசு வந்து சேரும். மழையில்லாத நாளில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நான்கு பேர் குடை வாங்க வருவார்களா? வரமாட்டார்கள். வெயில் நாளில் கரையும் தொகையை மழைநாள் ஈடுகட்ட வேண்டும். மழைநாளிலோ நாளுக்கு 19 வெள்ளி என்பது ஒன்றுக்கும் போதாது.

நாட்காட்டி வழி ஓர் இடத்தில் மட்டும் வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காது. அது சரக்கு வாங்குவது. எங்கள் சரக்கு சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஜனவரியில் தீர்ந்துபோனால் மறு ஆர்டர் கொடுக்க முடியாது. சீனப் புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடிவிடும். 2025இல் புத்தாண்டு ஜனவரி 29ஆம் தேதியே வந்தது. ஆகவே முழுப் பருவத்துக்கும் வேண்டியதை நவம்பருக்குள் கடைக்குள் கொண்டுவந்தாக வேண்டும். வானிலை முன்னறிவிப்பு இரண்டு வாரத்துக்குமேல் சொல்லாது, கப்பல் இரண்டு வாரத்தில் வராது. சரக்குக்கு நாட்காட்டியைத் தவிர வேறு துணை இல்லை.

அளவுக்கு மீறி வாங்கினால் என்ன ஆகும் என்பதும் இரண்டு பொருளுக்கும் ஒன்றல்ல. குடை மிஞ்சினால் கவலையில்லை. பிப்ரவரி வெயிலுக்குக் குடை பிடிக்கும் அம்மாமார்கள் வாங்கிக்கொள்வார்கள். மழைக்கோட்டு மிஞ்சினால் சிக்கல். மலிவான பிவிசி மழைக்கோட்டு நம் ஊர்ப் புழுக்கத்தில் மடித்த மடிப்பிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூசிய வகை இன்னும் மோசம். ஈரப்பதமே அந்தப் பூச்சைச் சிதைக்கிறது. பெட்டியிலேயே இரண்டு மூன்று ஆண்டு கிடந்தால் உட்புறம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரியும். பழைய இருப்பில் ஒன்றை எடுத்து உட்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைத் துகள் ஒட்டினால் அதை விற்கக் கூடாது. அதனால் குடையைக் கொஞ்சம் கூடுதலாகவும் மழைக்கோட்டைக் கொஞ்சம் குறைவாகவும் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

முன்னறிவிப்பு வழி

இது சரியாக நடக்க வேண்டுமானால் எந்த மழையை முன்கூட்டிச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இந்தப் பருவத்தில் இரண்டு வகை மழை வருகிறது.

ஒன்று, பருவக்காற்றின் எழுச்சி. வடக்கே ஆசியக் கண்டத்தில் குளிர் திடீரென்று மிகும்போது தென்சீனக் கடல் மேல் வீசும் காற்று வலுக்கிறது. அது வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறது. தொலைவில் தொடங்கும் நிகழ்வு என்பதால் வருவதற்குச் சில நாள் முன்பே வானிலை ஆய்வாளர்களுக்குப் புலப்பட்டுவிடுகிறது. தீவு முழுவதும் நனையும், குளிரும், சில நாள் நீடிக்கும். வழக்கமாக ஒரு பருவத்தில் இரண்டு முதல் நான்கு எழுச்சிகள் வரும்.

இன்னொன்று, பிற்பகல் இடிமழை. நிலம் சூடேறி, கடற்காற்றும் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில் மேகம் திரண்டு, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூரோங்கில் வெள்ளமாக ஓடும், சாங்கியில் வெயில் காயும். இது இன்ன தெருவில் இன்ன நேரத்தில் பெய்யும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது.

சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் அறிக்கையில் இவ்விரண்டையும் சொற்களை வைத்தே பிரித்தறியலாம். "பரவலான, தொடர்ச்சியான மழை" என்று நாள்களைக் குறிப்பிட்டுச் சொன்னால் அது எழுச்சி. "பிற்பகலில் சில பகுதிகளில் சிறிது நேரம் இடியுடன் கூடிய மழை" என்றால் அது உள்ளூர் மேகம். முதல் சொற்றொடர் மழைக்கோட்டுக்கானது. இரண்டாவது குடைக்கானது. இப்படிப் பிரித்துக்கொண்ட பிறகு எங்களுக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆய்வகம் மாதத்துக்கு இரண்டு முறை அடுத்த இரண்டு வாரத்துக்கான கண்ணோட்டத்தை weather.gov.sg தளத்தில் வெளியிடுகிறது. நான்கு நாள் முன்னறிவிப்பும் அங்கேயே இருக்கிறது. காலையில் கடை திறக்கும்போது பார்த்துவிட்டால் போதும்.

இனி இதில் தவறும் இடங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரம் எதுவும் போட்டவுடன் ஓடாது. அவர்கள் பார்த்து ஒப்புதல் தர ஒரு நாள்வரை ஆகலாம். மழை பிடித்த பிறகு உட்கார்ந்து படம் செய்து ஏற்றினால், ஒப்புதல் கிடைக்கும்போது சாலை காய்ந்திருக்கும். எனவே நவம்பரிலேயே விளம்பரங்களைச் செய்து, ஒப்புதல் வாங்கி, நிறுத்தி வைக்க வேண்டும். வேண்டிய நாளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடத் தொடங்கும்.

நிறுத்தி வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. யாருக்குக் காட்டினால் பலன் என்று அந்தத் தளம் பழகிக்கொள்ள வாரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது செயல்கள், அதாவது நாம் கேட்டுக்கொண்ட அழைப்போ செய்தியோ வாங்குதலோ, நடக்க வேண்டும். ஏழு நாளுக்குமேல் நிறுத்தி வைத்தால் பழக்கம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும். எங்களைப் போன்ற சிறு கடை அந்த ஐம்பதை எட்டப்போவதில்லை. ஆகவே தளமே ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்காமல், கடையைச் சுற்றி இரண்டு மூன்று கிலோமீட்டர் என்று வட்டத்தை நாமே சுருக்கி வைப்பது நல்லது. பெரிய நிறுவனத்துக்குச் சொல்லப்படும் அறிவுரை இங்கே பொருந்தாது.

வாட்ஸ்அப் செய்தி இதைவிட மலிவு, வேகமும் அதிகம். ஆனால் கையில் இருக்கும் எண்களுக்கெல்லாம் அனுப்பிவிடக் கூடாது. 2014 முதல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விளம்பரச் செய்தி வேண்டாம் என்று பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு நடப்பில் இருக்கிறது, வாட்ஸ்அப்பும் அதில் அடங்கும். கடையில் பில் போடும்போது "பெருமழை வருமுன் ஒரு செய்தி அனுப்பட்டுமா?" என்று கேட்டு, சரி என்றவரின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்கிறோம். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சரி என்கிறார்கள். அவர்களுக்கு அது பயனுள்ள செய்தி. வேண்டாம் என்று ஒரு சொல் அனுப்பினால் எடுத்துவிடுவோம் என்பதையும் செய்தியிலேயே போடுகிறோம்.

எழுச்சி வந்தால் எந்த நேரத்தில் விளம்பரம் ஓட வேண்டும் என்பதில்தான் நான் மிகவும் தவறாக எண்ணியிருந்தேன். மழை உச்சத்தில் இருக்கும்போது விற்பனையும் உச்சத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஜனவரி 10ஆம் தேதி பிற்பகல் எங்கள் தெருவில் ஆளே இல்லை. பொங்கல் சாமான் விற்றவர்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டு நின்றார்கள். அவ்வளவு மழையில் குடை இருந்தாலும் யாரும் வெளியே வரமாட்டார்கள். நோட்டுப் புத்தகத்தில் அன்றைய மழைக்கோட்டுக் கட்டத்தில் 3 என்று இருக்கிறது. மழை தணிந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் 14. ஞாயிறு வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஓய்வு நாள். லிட்டில் இந்தியாவுக்கு அவர்கள் வரும் நாளும் அதுதான். இரண்டு நாள் நனைந்தவர்கள் நேராக வந்து கேட்டார்கள். எல், எக்ஸ்எல் அளவுகள் இரவு எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டன. ஆகவே விளம்பரம் ஓட வேண்டியது எழுச்சிக்கு முந்தைய மாலையிலும், மழை சற்று விடும் இடைவெளியிலும். உச்சத்தில் நிறுத்தி வைப்பதே சிக்கனம்.

இதற்கான தொகையை இப்படிப் பார்த்தோம். பருவத்துக்கு மூன்று எழுச்சி, ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளையும் சேர்த்து ஐந்து நாள், ஆக 15 நாள். நாளுக்கு 60 வெள்ளி என்றால் 900 வெள்ளி. ஒரு மழைக்கோட்டில் எங்களுக்கு 14 வெள்ளி மிஞ்சுகிறது. நாளுக்கு ஐந்து மழைக்கோட்டு கூடுதலாக விற்றால் செலவு வந்து சேர்ந்து சிறிது மிஞ்சும். நாட்காட்டி வழியில் வெயில் நாளில் நான்கு குடை விற்பதைவிட இது எட்டக்கூடிய இலக்கு.

வாசல் வழி

பிற்பகல் இடிமழைக்கு விளம்பரம் உதவாது. முதல் இருபது நிமிடத்தில் முடியும் விற்பனைக்குக் கடைவாசல்தான் விளம்பரம். ஆய்வகம் வட்டாரம் வட்டாரமாக அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான முன்னறிவிப்பு தருகிறது. கைபேசியில் மழைமேகப் படத்தையும் பார்க்கலாம். நம் வட்டாரத்தின்மேல் மேகம் நகர்ந்து வருவது தெரிந்தால் அத்தான் உள்ளே இருக்கும் சக்கரம் வைத்த தாங்கியை வாசலுக்குத் தள்ளி வந்துவிடுவார். நடைபாதையில் ஓர் அங்குலமும் நீளாமல் வாசற்படிக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும். மழையில் ஒதுங்குகிறவர்களின் வழியை மறிப்பது முறையல்ல, அபராதத்துக்கும் இடமாகும்.

தாங்கியில் என்ன வைப்பது என்பதிலும் பாடம் இருக்கிறது. முதலில் எல்லா வகையையும் வைத்தோம். நனைந்துகொண்டு நிற்பவருக்குப் பன்னிரண்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பொறுமை இராது. இப்போது மூன்றே வகை. மூன்றாக மடியும் சிறு குடை ஒன்று. கண்ணாடியிழைக் கம்பி போட்ட, காற்றில் மடங்கினாலும் திரும்பி வரும் குடை ஒன்று. இரண்டு பேர் போகத்தக்க நீளக் குடை ஒன்று. விலை பெரிய எழுத்தில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரிய வேண்டும். ஒரு குடையை விரித்து வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் கடந்து வருகிறார்.

மழை பிடித்ததும் விலையைக் கூட்டலாமே என்று ஒரு முறை பேச்சு வந்தது. அத்தான் ஒரே சொல்லில் முடித்தார்: "தம்பி, நனைந்து வருகிறவரிடம் கூடுதலாக வாங்கினால் அவர் மறுபடி இந்தப் படி ஏறமாட்டார்." எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. எங்களிடம் வருபவர்களில் பலர் வாராவாரம் தேக்கா சந்தைக்கு வரும் அதே முகங்கள்.

இந்த வழிக்கு ஆகும் செலவு தாங்கிக்கும் அறிவிப்பு அட்டைக்குமாக 200 வெள்ளி, அதுவும் ஒரே முறை. குறை என்னவென்றால் யாராவது மேகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அத்தான் சாப்பிடப் போன நேரத்தில் மழை பிடித்த நாள்கள் நோட்டுப் புத்தகத்தில் அப்பட்டமாகத் தெரிகின்றன.

எதை எடுத்தோம்

மூன்றில் ஒன்றை மட்டும் எடுக்கவில்லை, ஆனால் மூன்றுக்கும் சமமாகவும் பங்கு வைக்கவில்லை. சரக்கு நாட்காட்டிப்படி, நவம்பருக்குள் முழுவதும். மழைக்கோட்டு விளம்பரம் முன்னறிவிப்புப்படி, 900 வெள்ளி. குடைக்கு வாசல் மட்டும், 200 வெள்ளி. குடைக்கு இணையத்தில் ஒரு காசும் செலவழிப்பதில்லை. பள்ளி திறக்கும் ஜனவரி முதல் வாரத்துக்குச் சிறு அளவு மழைக்கோட்டுகளைக் கண்ணாடிக்குள் முன்வரிசையில் வைப்பதோடு சரி. பிள்ளையோடு வரும் தாய்மார் பை வாங்கத்தான் வருகிறார்கள், அப்போது கண்ணில் பட்டால் போதும்.

விளம்பரம் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அறிவதுதான் இதில் கடினமான பகுதி. மழைநாளில் மட்டும் விளம்பரம் போட்டு, மழைநாளில் விற்பனை கூடியது என்று மகிழ்ந்தால், விற்றது மழையா விளம்பரமா என்று தெரியாது. தள்ளுபடிச் சீட்டைக் காட்டச் சொல்வதும் தீர்வல்ல, எப்படியும் வரவிருந்தவரும் சீட்டைக் காட்டிச் சலுகை பெற்றுக்கொள்வார். அதனால் எழுச்சி அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். பூ விழுந்தால் விளம்பரம் ஓடும், தலை விழுந்தால் ஓடாது. நோட்டுப் புத்தகத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்து அதைக் குறிக்கிறோம். தலை விழுந்த நாள்களுக்கான தொகை அப்படியே மிஞ்சுகிறது. ஓடிய மழைநாளையும் ஓடாத மழைநாளையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் விளம்பரத்தினுடையது. ஒரு பருவத்தின் பதினைந்து நாளில் சிறு வித்தியாசம் தெரியாது, ஒரு நாளின் தற்செயலே அதை மூடிவிடும். இரண்டு மடங்கு என்பது போன்ற பெரிய வித்தியாசம் இருந்தால் தெரியும். இரண்டு பருவம் எழுதினால் இன்னும் தெளிவாகும்.

900ம் 200ம் போக மிஞ்சும் 400 வெள்ளியை ஜனவரியில் தொடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம். 2025 மார்ச் 19, 20 தேதிகளில், பருவமழை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரத்தில், இன்னொரு எழுச்சி வந்தது. எங்களிடம் அப்போது எல் அளவில் ஒரு மழைக்கோட்டுகூட இல்லை. இப்போது எல்லில் பத்து, எக்ஸ்எல்லில் பத்து என இருபதைத் தனிப் பெட்டியில் போட்டு மேல் அடுக்கில் வைத்திருக்கிறோம். பெட்டியின்மேல் அத்தான் தன் கையால் எழுதியிருக்கிறார்: "மார்ச் மாதத்துக்கு. பொங்கலுக்கு யார் கேட்டாலும் எடுக்கக் கூடாது."